தக்காளி இலைப் புள்ளி: முன்பருவக் கருகலா, பின்பருவக் கருகலா?

"தக்காளிச் செடியில் அடி இலைகளில் பழுப்புப் புள்ளி வந்திருக்கு. சிலதில் வட்டம் வட்டமா வளையம் தெரியுது, சிலதில் இல்லை. மேலே ரெண்டு இலையில் நுனி மட்டும் கருகின மாதிரி இருக்கு. இது ஏர்லி பிளைட்டா, லேட் பிளைட்டா? புள்ளியையும் வளையத்தையும் பார்த்தே சொல்லிட முடியுமா?"

அடி இலையில் வளையத்தோடு இருக்கிற புள்ளிகள் பெரும்பாலும் ஏர்லி பிளைட், அதாவது முன்பருவக் கருகல்தான். ஆனால் மேலே நுனி கருகிய அந்த இரண்டு இலைகளை இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எனக்குக் கவலை தருவது அவைதான். அவற்றைத் தனியாக, முடிந்தால் நாளைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வளையம் நன்றாகத் தெரிந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். வளையம் இல்லை என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது. செடி நோய்களைப் படித்து, பல வருடங்களாக இலைகளைப் பார்த்து வருகிறேன். அதிகமாகத் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்: வளையம் இருந்தால் முன்பருவம், இல்லாவிட்டால் பின்பருவம் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்.

வளையம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். முன்பருவக் கருகலை உண்டாக்குவது ஆல்டர்நேரியா என்ற பூஞ்சை. அது இலையில் ஒரு புள்ளியில் நுழைந்து, அங்கிருந்து நாலாபுறமும் மெதுவாகப் பரவுகிறது. பனியோ மழையோ இலையை நனைக்கும்போது கொஞ்சம் முன்னேறும், வெயிலில் இலை காய்ந்ததும் தயங்கி நிற்கும், மறுபடி நனைந்தால் மறுபடி நகரும். இப்படி நின்று நின்று போன தடம்தான் அந்த வளையங்கள். ஒரு புள்ளியின் மேல் விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக வரி தட்டுப்படும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரும்பழுப்பும் வெளிர்பழுப்பும் மாறி மாறி வருவது தெரியும்.

தடம் விழுவதற்கு நாள் வேண்டும் இல்லையா? அதனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கிற இளம் புள்ளியில் வளையம் இருக்காது. வெறும் கரும்புள்ளியாகத்தான் இருக்கும். ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகுதான் முதல் வளையம் கண்ணில் படும், ஒரு சென்டிமீட்டர் வந்தால் சந்தேகமே இல்லாமல் தெரியும். உங்கள் அடி இலைகளில் சிலதில் வளையம் இருப்பதும் சிலதில் இல்லாததும் இரண்டு நோய்கள் என்பதற்கு அடையாளம் அல்ல. ஒரே நோயின் மூத்த புள்ளியும் இளைய புள்ளியுமாக இருக்கலாம். சரிபார்ப்பது சுலபம்: வளையம் இல்லாதவையெல்லாம் சின்னதாக, வளையம் உள்ளவையெல்லாம் பெரிதாக இருந்தால் ஒரே நோய்தான். பெரிய புள்ளியாக இருந்தும் வளையமே இல்லை என்றால் அங்கே யோசிக்க வேண்டும்.

முன்பருவக் கருகலுக்கு வேறு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, புள்ளியைச் சுற்றி மஞ்சள். பூஞ்சை சுரக்கிற நச்சு அது தொடாத இடத்துக்கும் முன்னால் போய்விடுவதால் இந்த மஞ்சள் வட்டம் உண்டாகிறது. புள்ளிகள் நெருங்கினால் இலை முழுவதும் மஞ்சளாகி உதிரும். இரண்டாவது, பெரிய நரம்பு குறுக்கே வந்தால் புள்ளி அங்கே தடைப்பட்டு ஒரு பக்கம் நேர்கோடாக வெட்டுப்பட்டது போல நிற்கும். மூன்றாவது, ஏறும் வரிசை. தரைக்கு அருகில் இருக்கிற வயதான இலையில் தொடங்கிப் படிப்படியாக மேலே வரும். இந்தப் பூஞ்சை உதிர்ந்த பழைய இலைகளிலும் செடியின் மிச்சங்களிலும் உயிரோடு கிடந்து, மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறுகிறது. காய் பிடித்துச் சுமை ஏறிய செடியும், தழைச்சத்து குறைந்த செடியும் சீக்கிரம் விழுந்துவிடும். பெயரில் 'முன்பருவம்' இருந்தாலும் அது பெரும்பாலும் மூத்த இலையின் நோய். பெயரைப் பார்த்து, நட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி நோயை முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம், இரண்டுமே எந்தப் பருவத்திலும் வரும்.

பின்பருவக் கருகலின் போக்கே வேறு. அதற்குக் காரணமான பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் உண்மையான பூஞ்சையே அல்ல, பார்வைக்குப் பூஞ்சை போல இருக்கிற நீர்வாழ் பாசிகளின் உறவு. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே உயிரிதான். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் நிற்காமல் போகும், அதனால் தடம் விழுவதில்லை, வளையமும் இல்லை. தொடக்கத்தில் பழுப்பே இருக்காது. வெந்நீர் பட்டு வதங்கினது போல, சாம்பல் கலந்த பச்சையில் ஒரு ஈரத்திட்டு தெரியும். இலை நுனியிலும் ஓரத்திலும் தண்ணீர் அதிக நேரம் தேங்குவதால் பல சமயம் அங்கேதான் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் நடுப்பகுதி கரும்பழுப்பாகிவிடும், ஆனால் விளிம்பு மட்டும் அந்த வெளிர்பச்சை ஈரத்தன்மையோடு இருக்கும். நரம்பு குறுக்கே வந்தாலும் நிற்காமல் தாண்டிப் போகும். மூத்த இலை, இளைய இலை என்ற பேதமும் கிடையாது. வித்துகள் காற்றில் வந்து இறங்குவதால், அடியில் ஒன்றும் இல்லாமல் நேரே உச்சி இலையில்கூட வரும். உங்கள் மேல் இலைகள் இரண்டைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான்.

இரண்டையும் பிரிக்க ஒரே ஓர் இடத்தை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் புள்ளியின் நடுவைப் பார்க்க மாட்டேன், விளிம்பைப் பார்ப்பேன். நடுவில் இருப்பது செத்த திசு. எந்த நோயால் செத்தாலும் காய்ந்த இலை பழுப்பாகத்தான் இருக்கும். நோய் உயிரோடு இருப்பது செத்ததும் உயிருள்ளதும் சந்திக்கிற அந்தக் கோட்டில். அங்கே காய்ந்த பழுப்பை அடுத்து மஞ்சள் இருந்தால் முன்பருவத்தின் பக்கம் சாய்வேன். பழுப்பை அடுத்து ஈரமான வெளிர்பச்சை இருந்தால் பின்பருவத்தின் பக்கம் சாய்வேன்.

அடுத்தது இலையின் அடிப்பக்கம். இதைப் பார்க்கச் சரியான நேரம் விடியற்காலை, இலையில் பனி இருக்கும்போதே. கருகிய இலையைத் திருப்பி, அந்த வெளிர்பச்சை விளிம்பை ஒட்டி மெல்லிய வெண்ணிறப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உறைபனி படிந்தது போல, சாய்வாகப் பிடித்தால்தான் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருக்கும். அது தெரிந்தால் பின்பருவக் கருகல் என்று அநேகமாக முடிவு செய்துவிடலாம். காலை பத்து மணி வெயிலுக்குப் பிறகு போனால் அது உதிர்ந்தோ வாடியோ மறைந்திருக்கும். பகலில் பார்த்துவிட்டு 'வெண்மை ஒன்றும் இல்லை' என்று சொல்வதில் பொருள் இல்லை. இலையின் மேல்பக்கம் மாவு தூவினது போல் இருந்தால் அது சாம்பல் நோயாக இருக்கும், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோட்டத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பாதி கருகி, பாதி பச்சையாக இருக்கிற இலைகளாக நாலைந்து பறித்துக்கொள்ளுங்கள். முழுக்கக் காய்ந்தவை பயன்படாது. மூடி உள்ள ஒரு டப்பாவில் டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன் மேல் இலைகளை அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். இலை மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம், டப்பாவுக்குள் ஈரக்காற்று இருந்தால் போதும். மூடி, வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். பின்பருவமாக இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் விளிம்பை ஒட்டி வெண்பூப்பு கிளம்பிவிடும். முன்பருவமாக இருந்தால் புள்ளியின் நடுவில், வளையங்களின் மேல், கருமையான நுண்ணிய மயிர்கள் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், அதற்கு இன்னொரு நாள் ஆகலாம். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பிறகு செத்த திசுவில் ஏதேதோ பூசணம் பஞ்சு போல வளர்ந்துவிடும், அதைப் பார்த்து ஏமாறுவோம். வெண்மை விளிம்பிலா, நடுவிலா என்பதை எப்போதும் கவனியுங்கள். நடுவில் மட்டும் பஞ்சாக வந்தால் அது பின்பருவத்துக்குச் சாட்சி ஆகாது.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொம்பு கட்டி வளர்த்த நாற்பது செடிகள் உள்ள ஒரு தோட்டம். அதை வளர்த்தவர் ஓர் அடி இலையைப் பறித்து என்னிடம் கொண்டுவந்தார். சட்டைப் பொத்தான் அளவில் மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து வளையம், சுற்றிலும் மஞ்சள். பார்த்த உடனே முன்பருவக் கருகல் என்றேன், அடி இலைகளைக் கிள்ளிவிடச் சொன்னேன். அந்த இலையைப் பொறுத்தவரை நான் சொன்னது சரிதான். மேலே எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அப்போது மூன்று நாளாக வானம் மூடி, தூறலும் குளிருமாக இருந்தது. நான்காம் நாள் அவர் மறுபடி வந்தார், கையில் உச்சிக் கிளை. இலைகள் கரும்பச்சையாகத் துவண்டு கிடந்தன, தண்டில் ஒரு விரல்நீளத்துக்குக் கரும்பழுப்புப் பட்டை ஓடியிருந்தது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது ஒரே செடியில் இரண்டு நோயும் இருந்தன, அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஐந்து இலைகளை டப்பாவில் வைத்தோம். மறுநாள் காலை மேல் இலைகள் மூன்றில் வெண்பூப்பு, அடி இலைகள் இரண்டில் ஒன்றுமில்லை. அந்த முதல் நாளே நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவருக்கு நான்கு நாள் கிடைத்திருக்கும். அன்றிலிருந்து ஒற்றை இலையை வைத்து ஒரு செடிக்குப் பதில் சொல்வதில்லை. உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: அடி இலைக்கு ஒரு முடிவு, மேல் இலைக்குத் தனியாக ஒரு முடிவு.

வேகமும் நல்ல சாட்சி. மாலையில் பால்பாயிண்ட் பேனாவால் கருகலின் விளிம்பை ஒட்டி, இலையில் கோடு வரைந்து வையுங்கள். ஈரமும் குளிர்ச்சியுமான நாட்களில் பின்பருவக் கருகல் மறுநாளே அந்தக் கோட்டைத் தாண்டி மில்லிமீட்டர் கணக்கில் போயிருக்கும். முன்பருவப் புள்ளி ஒரு நாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகராது. ஆனால் வெயில் சுட்டெரிக்கிற நாளில் பின்பருவமும் நின்றுவிடும், அப்போது இந்தச் சோதனை கைகொடுக்காது. அப்படி நின்று காய்ந்த திட்டு முறுகி, வெளிர்பழுப்பாகி, பழைய முன்பருவப் புள்ளி போலவே தோன்றும். விட்டு விட்டு ஈரம் கிடைத்திருந்தால் மங்கலாக ஒன்றிரண்டு வரிகூடத் தெரியலாம். அந்த நிலையில் கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். புதிதாக வந்த திட்டு வேறு இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

வானிலையையும் சேர்த்துப் பாருங்கள், ஆனால் துணைச்சாட்சியாக மட்டும். இரவு 15 முதல் 20 டிகிரி, நாள் முழுவதும் மூடிய வானம், இலை மணிக்கணக்கில் ஈரம் என்றால் பின்பருவத்துக்கு ஏற்ற நாட்கள். தொற்று ஏறினபின் மூன்று முதல் ஏழு நாளில் திட்டு வெளியே தெரியும். அதனால் இன்றைய வெயிலை வைத்து முடிவு செய்யாமல், போன வாரம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முன்பருவத்துக்கு 24 முதல் 29 டிகிரி வெப்பமும் இரவுப்பனியும் போதும். பகல் நல்ல வெயிலாக இருந்தாலும் அது வரும்.

இனி வளையத்தின் மேல் முழு நம்பிக்கை வைக்க முடியாததற்கு இன்னொரு காரணம். வளையம் போடுகிற வேறு நோய்களும் தக்காளிக்கு உண்டு. கோரினெஸ்போரா என்ற பூஞ்சையின் புள்ளியிலும் வளையம் வரும். மங்கலான வளையம் என்றால் அதையும் முன்பருவத்தையும் நுண்ணோக்கி இல்லாமல் பிரிப்பது கடினம். இலைப்பேன் பரப்புகிற வைரஸ் நோயில் இளம் இலைகள் வெண்கல நிறமாகி வளையக் கோடுகள் தோன்றும். அங்கே குருத்தும் சுருண்டு நிற்கும், வளர்ச்சியும் நின்றுபோகும், அதை வைத்துப் பிரிக்கலாம். வளையம் இல்லாத சின்னப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் செப்டோரியாவை நினைக்க வேண்டும். அதன் புள்ளி இரண்டு மூன்று மில்லிமீட்டரோடு நின்றுவிடும், நடு சாம்பல் நிறமாக இருக்கும், கைலென்ஸில் பார்த்தால் அந்தச் சாம்பலில் மிளகுத்தூள் போலக் கருந்துளிகள் தெரியும். முன்பருவப் புள்ளியில் அந்தத் துளிகள் இருக்காது.

இலை குழப்பினால் தண்டையும் காயையும் கேளுங்கள். முன்பருவத்தில் தண்டில் வருவது சற்றே குழிந்த, வளையம் உள்ள நீள்வட்டம். காயில் காம்புப் பக்கமாகத் தொடங்கி, கருமையாகத் தோல் போலக் குழிந்து, அங்கேயும் வளையம் போடும். பின்பருவத்தில் தண்டில் வளையமில்லாத கரும்பழுப்புப் பட்டை ஓடும். பச்சைக் காயின் மேல், அதிகமும் தோள் பகுதியில், எண்ணெய் பட்டது போலப் பழுப்புத் திட்டு பரவும். தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும், பிறகு வேறு கிருமிகள் புகுந்தபின்தான் அழுகி இளகும்.

பிரித்தறிவதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், மருந்து வேறு. மெட்டலாக்சில், மான்டிப்ரோபமிட் போன்றவை பின்பருவத்துக்கானவை, ஆல்டர்நேரியாவிடம் எடுபடாது. டைபெனகோனசோல் முன்பருவத்துக்கு உதவும், பின்பருவத்தைத் தொடாது. மான்கோசெப் இரண்டுக்கும் தடுப்பாகப் பயன்படும், ஆனால் நோய் உள்ளே போவதற்கு முன் இலையில் இருக்க வேண்டும். ஏறிவிட்டதை அது திருப்பாது. எதை அடித்தாலும் தக்காளிக்கு அனுமதி உள்ளதா, அளவு என்ன, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளைப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யக்கூடியது இது. நாளை விடிந்ததும் முதலில் மேல் இலைகள் இரண்டையும் திருப்பிப் பார்ப்பேன், பிறகுதான் அடி இலைக்குக் குனிவேன். ஈரச் செடிகளுக்குள் புகுந்து அலைய மாட்டேன். வெண்மை தெரிந்தால் அந்த இலைகளைக் கையோடு பையில் போட்டு மூடி, தோட்டத்தை விட்டு அகற்றுவேன், பக்கத்தில் இருக்கிற உருளைக்கிழங்கையும் பார்ப்பேன், அன்றே பின்பருவத்துக்கான மருந்தை அடிப்பேன். வெண்மை இல்லாவிட்டால் ஒன்றை டப்பாவில் வைத்து, இன்னொன்றில் கோடு வரைந்து ஓர் இரவு காத்திருப்பேன். நுனி முறுகலாகக் காய்ந்து, விளிம்பில் பச்சையும் ஈரமும் இல்லாமல், கோட்டையும் தாண்டாமல் இருந்தால் அது வெயிலோ உப்போ சுட்டதாக இருக்கலாம், அதற்கு மருந்து வேண்டாம். வளையம் விழுந்த அடி இலைகளைக் காய்ந்த நேரமாகப் பார்த்துக் கிள்ளி எடுத்து, தரையில் மூடாக்குப் போட்டு, தண்ணீரை இலையில் படாமல் வேருக்கு மட்டும் விடுங்கள். டப்பா சோதனையிலும் தெளிவாகாவிட்டால், பாதி பச்சையாக உள்ள இலையைக் காகிதத்தில் சுற்றி அன்றே நோயியல் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். நுண்ணோக்கியில் ஆல்டர்நேரியாவின் வித்து குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புச் சுவர் போட்ட, நீண்ட வால் உள்ள கதாயுதம் போல இருக்கும், பைட்டோப்தோராவின் வித்துப்பை தடுப்பே இல்லாத எலுமிச்சை வடிவில் இருக்கும். பார்த்த நொடியில் சொல்லிவிடுவார்கள்.